விமானப் பயண நிபந்தனைகள்

விமானப் பயண நிபந்தனைகள் என்பவை, டிக்கெட் வாங்கும் பயணிக்கும் விமான நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தத்தின் முழு வாசகம். தாமதம், பைகள், ஏற்ற மறுத்தல் பற்றிய விதிகள் இதில் அடங்கும்.

வரலாறு: 1929ஆம் ஆண்டின் வார்சா ஒப்பந்தம் நிறுவனங்களின் பொறுப்புக்கு உச்சவரம்பு விதித்தது, பதிவு செய்த பைக்குக் கிலோவுக்கு 250 பொன் பிராங்க். பயணிக்கு டிக்கெட் தராத நிறுவனம் அவர் விஷயத்தில் வரம்பின் பாதுகாப்பை இழக்கும். படிக்க முடியாத டிக்கெட் டிக்கெட்டாகுமா என்ற கேள்வி, 1960இல் அயர்லாந்தின் ஷானனில் நிகழ்ந்த அலிட்டாலியா விபத்துக்குப் பின் எழுந்தது. வரம்பு பற்றிய அறிவிப்பு மிகப் பொடி எழுத்தில் இருந்ததால், 1966இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றமொன்று வரம்பு செல்லாது என்றது. 1989இல் கொரியன் ஏர் லைன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு மாறாகத் தீர்ப்பளித்தது: 10 புள்ளிக்குப் பதில் 8 புள்ளி எழுத்தில் அச்சிட்டிருந்தாலும் வரம்பு நிற்கும். எழுத்தின் அளவு பற்றிய வாதம் அத்துடன் முடிந்தது. பல நாடுகளில் வார்சாவின் இடத்தைப் பிடித்த 1999ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கையில் இந்தியா 2009இல் சேர்ந்தது.

அமைப்பு: பல நிறுவனங்கள் ஐயாட்டா மாதிரியைப் பின்பற்றுகின்றன. அதில் 7ஆம் பிரிவு ஏற்ற மறுத்தல், 8 பைகள், 9 தாமதமும் ரத்தும், 15 பொறுப்பு, 16 காலக்கெடு. பை தொலைந்தவர் 8ஆம் பிரிவை மட்டும் படித்தால் போதாது. அது எதைக் கொண்டுபோகலாம் என்பதையே சொல்கிறது. பணம் 15இலும் கெடு 16இலும் உள்ளன.

எடுத்துக்காட்டு: சென்னையிலிருந்து மார்ச் 3 அன்று லண்டன் சேர்ந்தவரின் பை மார்ச் 8 அன்று, உடைந்த நிலையில் கிடைக்கிறது. உடைப்புக்கான எழுத்துப் புகாரை 7 நாளுக்குள், அதாவது மார்ச் 15க்குள் தர வேண்டும். தாமதத்தால் வாங்க நேர்ந்த உடை முதலியவற்றுக்கான புகாருக்கு 21 நாள், அதாவது மார்ச் 29 வரை அவகாசம் உண்டு. விமான நிலையத்தில் முறையிட்டதோடு நிறுத்தாமல் இப்புகாரையும் தருவதே பாதுகாப்பு. பை மார்ச் 24 வரை வராமலே போயிருந்தால் அது தொலைந்ததாகக் கொள்ளப்படும். 2024 டிசம்பர் 28 முதல் ஈட்டின் உச்சவரம்பு பயணி ஒருவருக்கு 1,519 சிறப்பு எடுப்புரிமை. இது பை ஒவ்வொன்றுக்கும் உரிய தொகையன்று. ரசீதோடு காட்டிய இழப்பே அதற்குள் கிடைக்கும்.

ஏற்ற மறுத்தல்: 7ஆம் பிரிவு குடிபோதை, ஆவணக் குறை போன்ற பயணி சார்ந்த காரணங்களைப் பட்டியலிடுகிறது. இருக்கைகளுக்கு மேல் டிக்கெட் விற்றதால் இடம் கிடைக்காதவருக்கான ஈடு பெரும்பாலும் 9ஆம் பிரிவில் இருக்கும்.

தற்கால நிலை: இந்தியாவில் டிஜிசிஏ விதிகளின்படி, இடம் மறுக்கப்பட்டவருக்கு 1 மணி நேரத்துக்குள் புறப்படும் மாற்று விமானம் தந்தால் ஈடில்லை, 24 மணி நேரத்துக்குள் எனில் 10,000 ரூபாய் வரையும், அதற்கு மேல் 20,000 ரூபாய் வரையும் உண்டு.