கரைவது எந்தத் திண்மம்? காரமண் சல்பேட், ஹைட்ராக்சைடுகளின் கரைதிறன் போக்கு குறித்து ஒரு மறுவாசிப்பு

காரமண் உலோகத் தொகுதியில் கீழிறங்கும்போது ஹைட்ராக்சைடுகளின் கரைதிறன் கூடுகிறது, சல்பேட்டுகளின் கரைதிறன் குறைகிறது. இதற்குச் சொல்லப்பட்டு வரும் விளக்கம் ஒரு பந்தயம் போன்றது. படிகக்கூடு ஆற்றல் விரைந்து குறைந்தால் கரைதிறன் கூடும். நீரேற்ற ஆற்றல் விரைந்து குறைந்தால் கரைதிறன் குறையும். ஹைட்ராக்சைடு சிறிய அயனி என்பதால் அங்கே முதலாவது நிகழ்கிறது. சல்பேட் பெரியது என்பதால் இரண்டாவது. இவ்விளக்கம் முழுத் தவறு அன்று. ஆனால் அது கணக்கிடும் திண்மம் பல நேரங்களில் கரைசலின் அடியில் கிடக்கும் திண்மமே அன்று என்பதும், அது கணக்கில் எடுக்காமல் விட்ட என்ட்ரோபிதான் போக்கின் பெரும்பகுதியைத் தீர்மானிக்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

முதலில் பழைய விளக்கத்துக்கு உரியதை அளித்துவிடுவோம். மக்னீசியத்திலிருந்து பேரியம் வரை அயனியின் நீரேற்ற என்தால்பி மோலுக்குச் சுமார் 615 கிலோஜூல் குறைகிறது. உருவாதல் என்தால்பிகளைக் கொண்டு நீரற்ற உப்புகளின் கரைதல் என்தால்பியைக் கணக்கிட்டால், ஹைட்ராக்சைடுகளுக்கு அது −2 இலிருந்து −53 ஆகவும், சல்பேட்டுகளுக்கு −91 இலிருந்து +26 ஆகவும் மாறுகிறது. ஆகவே ஹைட்ராக்சைடுகளின் படிகக்கூடு ஆற்றல் ஏறத்தாழ 665 கிலோஜூலும், சல்பேட்டுகளுடையது ஏறத்தாழ 500 கிலோஜூலும் குறைந்திருக்க வேண்டும். 665, 615, 500 என்ற இந்த வரிசை பாடநூல் சொல்வதை உறுதிப்படுத்துகிறது. நீரற்ற படிகங்களின் என்தால்பியைப் பற்றி மட்டும் பேசுவதானால் விவாதம் இங்கேயே முடிந்துவிடும்.

ஆனால் கரைதிறன் என்பது நிறைகரைசலோடு சமநிலையில் இருக்கும் திண்மத்தின் பண்பு. அறை வெப்பநிலையில் மக்னீசியம் சல்பேட்டின் நிறைகரைசலோடு சமநிலையில் இருப்பது நீரற்ற MgSO₄ அன்று. எப்சம் உப்பான MgSO₄·7H₂O. கால்சியத்துக்கு அது ஜிப்சம், CaSO₄·2H₂O. ஸ்ட்ரான்சியம், பேரியம் சல்பேட்டுகள் மட்டுமே நீரற்றவை. இந்த உண்மையான திண்மங்களை வைத்து 25 °C-க்குக் கணக்கை மறுபடி போட்டால் கரைதல் என்தால்பி மக்னீசியத்துக்கு +12, கால்சியத்துக்கு −1, ஸ்ட்ரான்சியத்துக்கு −2, பேரியத்துக்கு +26 கிலோஜூல் என வருகிறது. −91 என்ற எண் மறைந்துபோகிறது. அது மட்டுமல்ல, முதல் மூன்று உப்புகளுக்கிடையே என்தால்பி எதிர்த்திசையில் நகர்கிறது. என்தால்பி மட்டும் தீர்ப்புச் சொல்வதானால் எப்சம் உப்பைவிட ஸ்ட்ரான்சியம் சல்பேட்டே எளிதில் கரைய வேண்டும். நடப்பதோ நேர்மாறு: 100 கிராம் நீரில் முன்னது முப்பது கிராமுக்கு மேல் (நீரற்ற அளவில்) கரைகிறது, பின்னது பத்துப் பதினைந்து மில்லிகிராம் அளவே கரைகிறது.

இந்த இடைவெளியை நிரப்புவது என்ட்ரோபி. கிப்ஸ் ஆற்றலில் அதன் பங்கை −TΔS என்று எழுதினால், அதே வரிசையில் 0, 26, 39, 31 கிலோஜூல் என்ற மதிப்புகள் கிடைக்கின்றன. இவற்றை என்தால்பியோடு கூட்டினால் கரைதலின் கிப்ஸ் ஆற்றல் 12, 25, 37, 57 என்று படிப்படியாக ஏறுகிறது. காணப்படும் கரைதிறன் போக்கும் இதுவே. மக்னீசியத்திலிருந்து ஸ்ட்ரான்சியம் வரையிலான 25 கிலோஜூல் ஏற்றம் முழுவதும் என்ட்ரோபியால் விளைந்தது; என்தால்பி அதை ஓரளவு தடுக்கவே செய்கிறது. ஸ்ட்ரான்சியத்திலிருந்து பேரியத்துக்குச் செல்லும் கடைசிப் படியில்தான் என்தால்பி 28 கிலோஜூல் உயர்ந்து, பழைய விளக்கம் உண்மையாகவே வேலை செய்கிறது.

எப்சம் உப்புக்கு என்ட்ரோபி இழப்பு ஏன் சுழியாகிறது என்பதற்கான விடை படிக அமைப்பிலேயே இருக்கிறது. அப்படிகத்தில் ஒவ்வொரு Mg²⁺ அயனியையும் ஆறு நீர் மூலக்கூறுகள் எண்முகி வடிவில் சூழ்ந்துள்ளன. ஏழாவது மூலக்கூறு தனியே இருக்கிறது. கரைசலிலும் அந்த அயனியை ஆறு மூலக்கூறுகளே நெருங்கிச் சூழ்கின்றன. அதாவது, கரையும்போது நீர்க்கூட்டைப் புதிதாகக் கட்ட வேண்டிய தேவையில்லை. கட்டிய கூடு அப்படியே கரைசலுக்குள் இறங்குகிறது. அதற்கான ஒழுங்கின் விலை படிகம் உருவானபோதே கொடுக்கப்பட்டுவிட்டது. ஜிப்சத்தில் கால்சியத்தோடு இரண்டு நீர் மூலக்கூறுகளே பிணைந்துள்ளன. மற்ற இடங்களில் சல்பேட்டின் ஆக்சிஜன்கள் இருப்பதால் கூட்டின் பெரும்பகுதியைக் கரைசலிலிருந்தே திரட்ட வேண்டும். ஸ்ட்ரான்சியம், பேரியம் சல்பேட்டுகளில் முழுக் கூட்டையும் அப்படித்தான் கட்ட வேண்டும். மக்னீசியத்தின் மிகுந்த நீரேற்ற ஆற்றல் சல்பேட்டைக் கரைக்கிறது என்ற கூற்றை, அந்த ஆற்றல் முதலில் திண்மத்தை நீரேற்றுகிறது என்று திருத்திச் சொல்வதே பொருந்தும்.

ஹைட்ராக்சைடுகளில் மக்னீசியமும் கால்சியமும் நீரற்ற திண்மங்களாகவே சமநிலையில் உள்ளன என்பதால், பழைய விளக்கத்துக்கு இது மிகச் சாதகமான களம். இங்கும் முடிவு முழுமையாக அதற்குத் துணைநிற்கவில்லை. Mg(OH)₂-இலிருந்து Ca(OH)₂-க்குக் கிப்ஸ் ஆற்றல் 64 இலிருந்து 30 ஆகக் குறைகிறது. இந்த 34 கிலோஜூலில் என்தால்பியின் பங்கு 14 மட்டுமே. மீதி 20, என்ட்ரோபியுடையது. Mg(OH)₂ கரைவது சற்றே வெப்ப உமிழ் நிகழ்வாக இருந்தும் அது கரையாப் பொருளாக நிற்பதன் காரணமும் இதுவே: சிறிய Mg²⁺ தன்னைச் சுற்றிய நீரைக் கடுமையாக ஒழுங்குபடுத்துகிறது.

அந்த ஒழுங்கும் நீரேற்றத்தின் விளைவுதானே, அப்படியானால் பழைய விளக்கம் பிழைத்துவிட்டதே என்று கேட்கலாம். நீரேற்றத்தின் விளைவுதான், ஆனால் எதிர்க்குறியோடு வருகிறது. வலுவான நீரேற்றம் என்தால்பி வழியே கரைதலுக்கு உதவி, என்ட்ரோபி வழியே அதைத் தடுக்கிறது. முதலாவதை மட்டும் எண்ணும் கணக்கு பாதிக் கணக்கே. ஹெஸ் விதிப்படி எந்த வழியில் சென்றாலும் விடை ஒன்றுதான் என்ற மறுப்பும் எழக்கூடும். தொடக்கமும் முடிவும் ஒன்றாக இருந்தால்தான் அவ்விதி பொருந்தும். இங்கே தொடக்கத் திண்மமே வேறு. எப்சம் உப்பின் அடர்ந்த கரைசலில் செயல்திறன் குணகங்கள் ஒன்றிலிருந்து வெகுவாக விலகுவதால், 12 கிலோஜூலைக் கொண்டு கிராம் கணக்கை நேரடியாகப் பெற முடியாது என்பது உண்மை. அவ்விலகல் அதன் கரைதிறனை மேலும் கூட்டுகிறதே தவிர வரிசையை மாற்றுவதில்லை.

இவ்வாசிப்பைச் சோதிக்க வெப்பமானியே போதும். Ca(OH)₂-இன் கரைதிறன் 0 °C-இல் 100 கிராம் நீருக்குச் சுமார் 0.19 கிராம்; கொதிநிலையில் 0.07 ஆகக் குறைகிறது. கரைதல் வெப்ப உமிழ் நிகழ்வு என்ற கணக்கோடு இது ஒத்துப்போகிறது. நீரற்ற பேரியம் ஹைட்ராக்சைடின் −53 கிலோஜூலை நம்பினால் அதன் கரைதிறனும் வெப்பத்தோடு சரிய வேண்டும். ஆனால் அது 0 °C-இல் 1.7 கிராமிலிருந்து 20 °C-இல் 3.9 கிராமாக ஏறி, மேலும் சூடாக்கினால் பன்மடங்கு உயர்கிறது. கரைசலின் அடியில் இருப்பது Ba(OH)₂·8H₂O. அதன் கரைதல் என்தால்பி +58. குறியே மாறிவிட்டது.

படிகக்கூடு ஆற்றலையும் நீரேற்ற ஆற்றலையும் ஒப்பிடும் விளக்கத்தைக் கைவிட வேண்டியதில்லை. நீரற்ற திண்மங்களின் என்தால்பிக்கு அது சரியான விளக்கம். ஆனால் கரைதிறனுக்கு அதைக் காரணமாகக் காட்டுவோர், எந்தத் திண்மம் சமநிலையில் உள்ளது என்பதையும் −TΔS-இன் மதிப்பையும் உடன் தர வேண்டும். அவ்விரண்டும் இல்லாத விளக்கம், இத்தொகுதியின் எட்டுச் சேர்மங்களில் பலவற்றுக்குச் சரியான விடையைத் தவறான காரணத்தால் அடைகிறது.