ஐயத்துக்கு உள்ளான கட்டுரைகள்

தமிழ் விக்கிப்பீடியாவைத் தொடக்க ஆண்டுகளிலிருந்து படித்துவரும் நண்பர்களுக்கு ஒரு பத்தி நன்கு பழகியிருக்கும். புதுக்கோட்டை மாவட்டத்துப் பேரூராட்சிகள் சிலவற்றின் பக்கங்களை அந்நாளில் அடுத்தடுத்துத் திறந்தால், 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இவ்வூரில் இத்தனை மக்கள், ஆண்கள் இத்தனை விழுக்காடு, எழுத்தறிவு தேசிய சராசரியான 59.5 விழுக்காட்டைவிடக் கூடியது என்று, எண்கள் மட்டும் மாறி, ஒரே பத்தி திரும்பத் திரும்ப வரும். அட்டவணையிலிருந்த எண்களை வார்ப்புருவில் இட்டு நிரப்பியது தானியங்கி நிரல். பின்னாளில் தமிழக ஊராட்சிகளுக்கும் இவ்வாறே ஆயிரக்கணக்கில் கட்டுரைகள் உருவாக்கப்பட்டன.

இவை படிக்கச் சுவையற்றவை. எனினும் இவற்றால் எவரும் ஏமாறவில்லை. எழுதியது எந்திரம் என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடும். எண் தவறாக இருந்தால் பிழை அட்டவணையில் உள்ளது என்று பொருள். அதைத் திருத்தி நிரலை மீண்டும் ஓட்டினால் எல்லாப் பக்கங்களும் ஒருசேரத் திருந்திவிடும்.

தன்னார்வலர்களை உண்மையில் அலைக்கழித்த முதல் சோதனை வேறு. கூகுள் நிறுவனம் 2008இல் இந்தியில் தொடங்கி, பின்னர் தமிழ், தெலுங்கு, கன்னடம், அரபு முதலிய மொழிகளுக்கும் விரித்த மொழிபெயர்ப்புத் திட்டமே அது. ஆங்கில விக்கிப்பீடியாக் கட்டுரைகள், ஊதியம் பெற்ற மொழிபெயர்ப்பாளர்களைக் கொண்டு மொழிமாற்றம் செய்யப்பட்டு இங்கே ஏற்றப்பட்டன. 2010ஆம் ஆண்டின் நடுவில், எல்லா மொழிகளிலுமாக ஒரு கோடியே அறுபது இலட்சம் சொற்கள் பெயர்க்கப்பட்டதாக நிறுவனம் அறிவித்தது.

தமிழில் வந்தவற்றைப் பார்த்த பயனர்கள் திகைத்தனர். நீண்ட கட்டுரைகள், பொருளோ பெரும்பாலும் நம் வாசகர் தேடாதது. ஆங்கிலத் தொடரின் எலும்புக்கூட்டின் மேல் தமிழ்ச் சொற்களைப் போர்த்தியது போன்ற நடை. பெயர்களின் ஒலிபெயர்ப்பு ஒரே பக்கத்தில் இரண்டு மூன்று விதம். எங்கு நோக்கினும் இல்லாத பக்கங்களுக்கான சிவப்பு இணைப்புகள். உரையாடல் பக்கத்தில் கேள்வி கேட்டால் மறுமொழி அரிது. 2010 ஜூலையில் போலந்தின் குடான்ஸ்கு நகரில் கூடிய விக்கிமேனியா மாநாட்டையொட்டித் தமிழ் விக்கிப்பீடியர் இரவிசங்கர் முன்வைத்த மதிப்பாய்வு இக்குறைகளை விரிவாக எடுத்துரைத்தது.

இவ்விடத்தில் ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். அக்கட்டுரைகளை எந்திரம் எழுதியவை என்றே பலரும் கருதினர். ஆனால் கூகுளின் தானியங்கித் தமிழ் மொழிபெயர்ப்பு பொதுமக்களுக்குக் கிடைத்ததே 2011 ஜூனில்தான். அதற்கு முன் வந்தவற்றை எழுதியவர்கள் மனிதர்கள். அவர்கள் பயன்படுத்திய கருவி, மூலக்கட்டுரையைத் தொடர் தொடராக நறுக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் எதிரே தமிழை எழுதச் சொன்னது. முன் தொடரையும் பின் தொடரையும் சேர்த்துப் பார்த்துத் தமிழில் நினைத்து எழுத அங்கே இடமில்லை. எந்திரத்தின் சட்டகத்துக்குள் அமர்ந்த மனிதரின் தமிழும் எந்திரத் தமிழாகவே வந்தது. நடையை மட்டும் வைத்து, எழுதியவர் யார் என்று தீர்ப்பளிக்கலாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இன்றைய நிலை இதற்கு நேர்மாறானது. பெருமொழி மாதிரிகள் எழுதும் தமிழில் தொடர்கள் பெரும்பாலும் வழுவின்றி ஓடுகின்றன. பிழை உள்ளே போய் ஒளிந்துகொண்டது. அதை எப்படித் தேடுவது? நம் மாவட்டத்துச் சித்தன்னவாசலையே எடுத்துக்கொள்வோம். அதைப் பற்றி ஆயிரம் சொற்களில் ஒரு கட்டுரை புதிய கணக்கொன்றிலிருந்து ஒரே தொகுப்பில் வந்திறங்குகிறது என்று கொள்வோம்.

முதலில் பார்க்க வேண்டியது புறத்தடயங்களை. விக்கியில் தடித்த எழுத்துக்கு மூன்று மேற்கோள் குறிகளும் தலைப்புக்குச் சமக்குறிகளும் இடுவர். மாதிரிகளோ தம் வழக்கப்படி வேறு குறிகளை இடும்:

```
விக்கி:   '''அறிவர் கோயில்'''    == ஓவியங்கள் ==
மாதிரி:  **அறிவர் கோயில்**      ## ஓவியங்கள்
```

இணைப்பு முகவரியின் வாலில் `utm_source=chatgpt.com` என்றிருந்தாலோ, வரிகளுக்கு நடுவே `oaicite` போன்ற எச்சம் கிடந்தாலோ எழுத்தின் பிறப்பிடம் ஐயமற விளங்கும். ஆனால் இவற்றைத் துடைத்துவிட்டு ஏற்றுவது எளிது. ஆகவே தடயம் இல்லாமை தூய்மைக்குச் சான்றாகாது.

அடுத்தது சான்றுகள். கட்டுரை, புதுக்கோட்டை சமஸ்தானக் கல்வெட்டுகள் என்று நூலைக் குறித்து, எண் 1476 என்கிறது என வைத்துக்கொள்வோம். 1929இல் சமஸ்தானம் வெளியிட்ட அத்தொகுதியில் உள்ள கல்வெட்டுகள் 1130. நூலைத் திறவாமலேயே பொய் வெளிப்பட்டுவிடும். எண் வரம்புக்குள் இருந்தாலும் விடக்கூடாது. அத்தொகுதி அரசமரபு வாரியாக அடுக்கப்பட்டது. பாண்டியர் கல்வெட்டு என்று சொல்லிச் சோழர் பகுதி எண்ணைக் கொடுத்திருந்தால் அப்போதே பிடித்துவிடலாம். உண்மையான நூல், உண்மையான ஆண்டு, பொய்யான எண்: இந்தச் சேர்க்கையே இவ்வகை எழுத்தில் மிகவும் ஆபத்தானது. நூற்பெயரை அறிந்தவர் அறிந்த பெயரைக் கண்டதும் நம்பிக் கடந்துவிடுவார்.

இறுதியாகப் பொருள். "பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் குடைவித்த ஏழடிப்பட்டத்தில் புகழ்பெற்ற தாமரைக்குள ஓவியம் உள்ளது" என்று கட்டுரை கூறினால், தொடரில் ஒரு குறையும் தெரியாது. மலையில் ஏறியவர்களுக்குத் தெரியும், அவை இரண்டு வெவ்வேறு இடங்கள் என்று. ஓவியங்கள் மேற்குச் சரிவிலுள்ள குடைவரையான அறிவர் கோயிலில் உள்ளன. ஏழடிப்பட்டமோ மலையின் கிழக்குப் பக்கத்தில், உயரத்தில் உள்ள இயற்கைக் குகைத்தளம். அங்கிருப்பவை சமணத் துறவியரின் கற்படுக்கைகளும் தொன்மையான தமிழி எழுத்துப் பொறிப்பும். காலத்தால் பல நூற்றாண்டுகள் விலகிய இரண்டையும் ஒரு தொடர் இணைத்துவிட்டது.

மகேந்திரவர்மன் பெயர் எங்கிருந்து வந்தது? அதுவும் கற்பனை அன்று. ஆய்வாளர் சிலர் முன்பு கொண்டிருந்த கருத்து. அறிவர் கோயிலின் முகப்பருகே உள்ள கல்வெட்டு, 9ஆம் நூற்றாண்டுப் பாண்டியன் அவனிபசேகரன் ஸ்ரீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் உள்மண்டபத்தைப் புதுக்கி முகமண்டபம் எடுத்ததைச் சொல்கிறது. அது கிடைத்தபின் பல்லவர் கருத்து தளர்ந்தது. பழைய நூல்களிலும் புதிய நூல்களிலும் உள்ளவற்றை மாதிரி ஒரே கலத்தில் ஊற்றிக் கலக்கிவிடுகிறது. ஒரு கருத்தை யார் சொன்னார், எப்போது சொன்னார், எது அதை மறுத்தது என்னும் வரிசை காணாமற்போகிறது. வரலாற்றுக் கட்டுரைக்கு அந்த வரிசையன்றோ உயிர்!

ஆங்கில விக்கிப்பீடியா 2025 ஆகஸ்டில், மனிதச் சரிபார்ப்பின்றி ஏற்றப்பட்ட இத்தகைய பக்கங்களை நீண்ட விவாதமின்றி நீக்க விதி செய்தது. அவ்விதியும் நடையை அளவுகோலாகக் கொள்ளவில்லை. கேட்டவரை நோக்கிப் பேசும் எஞ்சிய தொடர்கள், இல்லாத நூல்கள், பொருந்தாத சான்றுகள் ஆகியவற்றையே கொண்டது. தமிழுக்கு அது இன்னும் பொருந்தும். பாடநூல் நடையில் எழுதிப் பழகிய நம் ஆசிரியப் பெருமக்களில் எத்தனை பேர் நடைச்சோதனையில் எந்திரமாகிவிடுவார்களோ!

இந்த வேலைக்கு ஆகும் நேரம்தான் இடர். கட்டுரையை ஏற்றச் சில நிமிடங்கள் போதும்; கல்வெட்டு எண் ஒன்றைச் சரிபார்க்கவே நூலகத்தில் அரை நாள் போய்விடும். அதற்குள் நாளிதழ் எதிலேனும் அத்தொடர் இடம்பெற்றால், அந்நாளிதழே பின்னர் அதற்குச் சான்றாகக் காட்டப்படும். அதனால் அனுபவமுள்ள தொகுப்பாளர்கள் முதலில் பக்கத்தின் தலையில் எச்சரிக்கைக் குறிப்பையும், ஐயமுள்ள தொடர்களின் இறுதியில் 'சான்று தேவை' என்பதையும் இட்டுவிட்டே நூலைத் தேடப் போகின்றனர். நாம் எடுத்துக்கொண்ட சித்தன்னவாசல் கட்டுரை இத்தனையும் கடந்து வந்தால், மலையின் இருப்பிடம், இரண்டு தளங்களின் வேறுபாடு, இளங்கௌதமன் கல்வெட்டு, பல்லவர் கருத்தைக் கொண்டோரின் பெயர்கள் என்று ஏறத்தாழ பத்து வரிகள் எஞ்சக்கூடும்.