3 ஸ்டாரா, 5 ஸ்டாரா? ஏசி லேபிளை ராபர்ட்சன்பேட்டை கணக்கில் படிப்பது எப்படி

ராபர்ட்சன்பேட்டையில் ஒரு படுக்கையறைக்கு ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசி வாங்கக் கடைக்குப் போகிறீர்கள். 3 ஸ்டார் ஒன்று, 5 ஸ்டார் ஒன்று. 5 ஸ்டாருக்கு 8,000 ரூபாய் கூடுதல். "கரண்ட் பில்லில் அந்தப் பணம் திரும்பி வந்துடும் சார்" என்கிறார் விற்பனையாளர். வருமா? பதில் அந்த லேபிளிலேயே இருக்கிறது. ஆனால் ஸ்டாரை மட்டும் எண்ணினால் கிடைக்காது.

லேபிளில் எதைப் பார்க்க வேண்டும்?

மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம், அதாவது பிஇஇ, தரும லேபிளில் நான்கு விஷயங்கள் போதும். ஸ்டார் எண்ணிக்கை, லேபிள் எந்த ஆண்டுகளுக்குச் செல்லும் என்ற காலம், வாட்டில் குளிரூட்டும் திறன், ஆண்டு மின் நுகர்வு. இவற்றோடு `ISEER` என்று ஓர் எண் இருக்கும். "ஐசீர்" என்று சொல்வார்கள்.

ஐசீர் என்பது ஒரு வகுத்தல் கணக்கு. ஒரு பருவம் முழுவதும் ஏசி அறையிலிருந்து வெளியேற்றும் வெப்பத்தை, அதற்காக அது இழுக்கும் மின்சாரத்தால் வகுக்கிறார்கள். ஐசீர் 5 என்றால், 1 யூனிட் மின்சாரத்துக்கு 5 யூனிட் வெப்பத்தை வெளியே தள்ளுகிறது என்று பொருள். எண் பெரிதானால் செலவு குறைவு.

இதில் 'பருவம்' என்பதுதான் முக்கியம். வெளியே 24 முதல் 43 டிகிரி வரை இந்தியாவில் வெப்பநிலை எப்படி மாறுகிறதோ, அதற்கேற்ப ஆண்டுக்கு 1,600 மணி நேரத்தைப் பிரித்து இந்தக் கணக்கைப் போடுகிறார்கள். 43 டிகிரி வெயில் கொஞ்ச நேரம்தான். பெரும்பாலான நேரம் ஏசிக்கு முழு வேலை இருக்காது. அப்போது வேகத்தைக் குறைத்து ஓடும் இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறது. அதனால்தான் இன்வெர்ட்டர் ஏசிகளுக்கு ஐசீர் அதிகம்.

ஸ்டாரை மட்டும் நம்பினால் என்ன ஆகும்?

இரண்டு இடத்தில் ஏமாறுவோம். முதலாவது, ஆண்டு. ஸ்டாருக்கான வரம்பை பிஇஇ அவ்வப்போது உயர்த்துகிறது. 2018-இல் வந்த பட்டியலில் ஸ்பிளிட் ஏசிக்கு ஐசீர் 4.50 இருந்தால் 5 ஸ்டார். 2022 ஜூலையில் அந்த வரம்பு 5.00 ஆனது, அதே 4.50 அப்போது 4 ஸ்டாராக இறங்கியது. 2026 ஜனவரியில் பட்டியல் மறுபடியும் கடுமையானது. எனவே, 'பழைய ஸ்டாக், 5 ஸ்டார், தள்ளுபடி' என்று சொன்னால் முதலில் லேபிள் காலத்தையும் ஐசீர் எண்ணையும் பாருங்கள்.

இரண்டாவது, வகை. ஜன்னல் ஏசிக்கும் ஸ்பிளிட் ஏசிக்கும் பட்டியல் வேறு. 2022 பட்டியலில் ஜன்னல் ஏசிக்கு 3.50 இருந்தாலே 5 ஸ்டார். ஸ்பிளிட்டில் 3 ஸ்டார் வாங்கவே 3.80 வேண்டும். ஆக, 5 ஸ்டார் ஜன்னல் ஏசி 3 ஸ்டார் ஸ்பிளிட்டைவிட அதிக மின்சாரம் இழுக்கலாம்.

8,000 ரூபாய் திரும்பி வருமா?

இரண்டுமே 5,000 வாட் திறனும் 2022 பட்டியல் லேபிளும் கொண்டவை என்று வைத்துக்கொள்வோம். 3 ஸ்டாரின் ஐசீர் 3.85, ஆண்டு நுகர்வு 1,005 யூனிட். 5 ஸ்டாரின் ஐசீர் 5.10, ஆண்டு நுகர்வு 759 யூனிட். வித்தியாசம் 246 யூனிட். யூனிட்டுக்கு 7 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 1,722 ரூபாய் மிச்சம். ஐந்து வருடத்துக்குள் 8,000 ரூபாய் வந்துவிடும்.

ஆனால் இது 1,600 மணி நேரம் ஓட்டுபவருக்கான கணக்கு. சென்னையில் அது சாதாரணம். கோலார் தங்கவயல் மேட்டு நிலம், கோடை குறுகியது. காலையில் மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்து பெங்களூரு வேலைக்குப் போய் இருட்டிய பிறகு திரும்புபவர் என்றால், ஏசி ஓடுவது இரவில் மட்டும். மார்ச் பாதியிலிருந்து மே கடைசி வரை சுமார் 75 இரவுகள், இரவுக்கு 8 மணி நேரம்: மொத்தம் 600 மணி.

600-ஐ 1,600-ஆல் வகுத்தால் 0.375. லேபிள் எண்ணை இதால் பெருக்குங்கள். 3 ஸ்டாருக்கு 377 யூனிட், 5 ஸ்டாருக்கு 285. மிச்சம் 92 யூனிட், அதாவது ஆண்டுக்குச் சுமார் 644 ரூபாய். 8,000 ரூபாய் திரும்ப 12 வருடத்துக்கு மேல் ஆகும். அப்படியென்றால் 3 ஸ்டாரே போதும்.

அவசரப்பட வேண்டாம்: கிருஹ ஜோதி இருக்கிறதா?

இங்கேதான் கணக்கு திரும்புகிறது. கர்நாடக அரசின் கிருஹ ஜோதி திட்டத்தில், உங்கள் 2022-23 மாதச் சராசரியோடு 10 சதவீதம் சேர்த்த அளவு வரை இலவசம். அதைத் தாண்டி 200 யூனிட் வரை போனால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் பணம். 200-ஐத் தாண்டிவிட்டால் அந்த மாத பில் முழுவதும் உங்கள் தலையில்.

வீட்டின் சராசரி 75 யூனிட் என்றால் இலவச அளவு சுமார் 82. ஏப்ரலில் 240 மணி நேரம் ஏசி ஓடுகிறது. 3 ஸ்டார் 151 யூனிட் சேர்க்கும், மொத்தம் 226. வரம்பு போச்சு, முழுசா கட்டணும்: 7 ரூபாய் வீதம் 1,582. 5 ஸ்டார் 114 யூனிட் சேர்க்கும்; மொத்தம் 189. இலவச 82 போக 107 யூனிட்டுக்கு 749 ரூபாய்தான். ஒரே மாதத்தில் 833 ரூபாய் வித்தியாசம்.

மே மாதமும் இதே கதை. மார்ச் பாதியில் இரண்டுமே 200-க்குள் நிற்கும். வித்தியாசம் சுமார் 130 ரூபாய். மூன்றையும் கூட்டினால் ஆண்டுக்குச் சுமார் 1,800 ரூபாய். இப்போது 8,000 ரூபாய் நாலரை வருடத்தில் திரும்பும். அதே ஏசி, அதே 600 மணி நேரம்; முடிவை மாற்றியது 200 யூனிட் கோடு. உங்கள் வீடு ஏற்கெனவே மாதம் 40 யூனிட்டில் ஓடுகிறது என்றால் 3 ஸ்டாரிலும் 200-ஐத் தாண்ட மாட்டீர்கள். சராசரி 100 என்றால் 5 ஸ்டாரிலும் தாண்டிவிடுவீர்கள். இரண்டு நிலையிலும் முந்தைய 644 ரூபாய் கணக்குதான் செல்லும். ஆகவே ஏசி வாங்கும் முன் பழைய பில்லை எடுத்துப் பாருங்கள்.

எங்கே இந்தக் கணக்கு தவறும்?

லேபிள் சோதனையில் அறைக்குள் 27 டிகிரி. நீங்கள் 20-இல் வைத்துத் தூங்கினால் லேபிள் எண்ணைவிட அதிகம் ஓடும். நாள் முழுக்க வெயில் வாங்கிய கான்கிரீட் கூரைக்குக் கீழே உள்ள மாடி அறையிலும் அப்படியே. எனவே 189 என்று கணக்கு வந்தால், 200-க்கு இடையில் இருக்கும் 11 யூனிட் பெரிய பாதுகாப்பு இல்லை. 26-இல் வைத்து மின்விசிறியையும் ஓட்டினால்தான் அந்தக் கோட்டுக்குள் நிற்கலாம்.

கடையிலேயே ஒரு சரிபார்ப்பு செய்யலாம். ஆண்டு நுகர்வை ஐசீரால் பெருக்குங்கள். ஒரே வாட் திறன் கொண்ட இரண்டு ஏசிகளுக்கும் விடை ஏறக்குறைய ஒன்றாக வரவேண்டும். மேலே உள்ள இரண்டுக்கும் சுமார் 3,870. வெகுவாக மாறினால் திறன் வேறு, அல்லது நீங்கள் எண்ணைத் தவறாகப் படித்திருக்கிறீர்கள். சந்தேகம் இருந்தால் பிஇஇயின் `BEE Star Label` செயலியில் மாடல் எண்ணைத் தேடி, லேபிளோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.