ஒரே ஆண்டு, இரு திசைகள்: சத்யம் புட்டும் நிஃப்டி காலும்

ரேஷியோ ஸ்ப்ரெட் போடுகிறவருக்கு 2009-ஆம் ஆண்டு இரண்டு பாடங்களை வைத்துவிட்டுப் போனது. ஜனவரி 7 அன்று, ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸின் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்குகளைத் தாமே பெருக்கிக் காட்டியதாக இயக்குநர் குழுவுக்குக் கடிதம் எழுதினார். முந்தைய நாள் 179 ரூபாய் அளவில் முடிந்த பங்கு அன்று 40 ரூபாய் அருகில் முடிந்தது. மே 18 அன்று, மக்களவைத் தேர்தல் முடிவுக்குப் பிந்தைய முதல் வர்த்தக நாளில், நிஃப்டி 3,671.65-லிருந்து 4,323.15-க்கு ஏறியது. ஒன்று பள்ளம், மற்றது சிகரம். முதல் நாள் புட் ரேஷியோவுக்கும் இரண்டாம் நாள் கால் ரேஷியோவுக்கும் சோதனையாக அமைந்தன.

இரண்டையும் ஒரே அச்சில் வார்த்துப் பார்ப்போம். பிரீமியங்கள் கணக்குக்காக நாம் வைத்துக்கொண்டவை. விலைகள் மட்டும் அன்றைய சந்தையினுடையவை. சத்யத்தில் 170 புட் ஒன்றை 12 ரூபாய்க்கு வாங்கி, 150 புட் இரண்டைத் தலா 7 ரூபாய்க்கு விற்றால் கையில் 2 ரூபாய் மிஞ்சும். நிஃப்டியில் 3800 கால் ஒன்றை 100-க்கு வாங்கி, 3900 கால் இரண்டைத் தலா 65-க்கு விற்றால் 30 புள்ளி மிஞ்சும். விலை எதிர்த்திசையில் போனாலும் அந்த மிச்சம் கையில் நிற்கும். விற்ற ஸ்டிரைக்கில் போய் எக்ஸ்பைரி ஆனால் அதிகபட்ச லாபம்: சத்யத்தில் 22 ரூபாய், நிஃப்டியில் 130 புள்ளி. அதைத் தாண்டினால் லாபம் தேயத் தொடங்கி, சத்யத்தில் 128-லும் நிஃப்டியில் 4,030-லும் தீர்ந்துபோகும். அதற்கு அப்பால் நகரும் ஒவ்வொரு ரூபாயும் ஒவ்வொரு புள்ளியும் நட்டம்.

இதுவரை இரண்டும் கண்ணாடிப் பிம்பங்கள். அபாயத்தின் எல்லையைக் கேட்டால்தான் முதல் வேறுபாடு தெரிகிறது. பங்கின் விலை பூஜ்யத்துக்குக் கீழே போகாது என்பதால் புட் ரேஷியோவின் நட்டத்துக்குத் தரை உண்டு. நம் கணக்கில் அது 128 ரூபாய். கால் ரேஷியோவின் நட்டத்துக்குக் கூரையே இல்லை. பாடநூல்கள் இந்த ஒரு வரியை வைத்துக் காலை அதிக ஆபத்தானதாகவும் புட்டைச் சற்று அடக்கமானதாகவும் தரம் பிரிக்கின்றன.

நடந்ததைப் பார்த்தால் தரவரிசை தலைகீழாகிறது. காலமதிப்பை ஒதுக்கி, உள்ளார்ந்த மதிப்பை மட்டும் எடுத்துக்கொள்வோம். சத்யம் 40-இல் இருக்கும்போது வாங்கிய புட் 130 ரூபாய் தருகிறது. விற்ற இரண்டும் 220 ரூபாய் கேட்கின்றன. மிச்சப் பிரீமியம் போக நட்டம் 88. அதிகபட்ச லாபத்தைப் போல நான்கு மடங்கு. நிஃப்டி 4,323-இல் இருக்கும்போது வாங்கிய கால் 523 தருகிறது. விற்ற இரண்டும் 846 கேட்கின்றன. மிச்சப் பிரீமியம் போக நட்டம் 293. அதிகபட்ச லாபத்தைப் போல இரண்டேகால் மடங்கு. எல்லை உள்ள பக்கம் எல்லையில்லாத பக்கத்தைவிட ஆழமாக வெட்டியது. தரை இருப்பது மட்டும் ஆறுதல் ஆகாது. அது எவ்வளவு கீழே இருக்கிறது, அங்கே போய்ச் சேர எத்தனை மணி நேரம் ஆகும் என்பவையும் கணக்கில் சேர வேண்டும். வாய்தா வணிகத்தில் இருந்த பங்குகளுக்குத் தினசரி விலை வரம்பு விதிக்கப்படவில்லை. ஆகவே சத்யம் ஒரே நாளில் அந்தத் தரையை நோக்கி முக்கால் வழியைக் கடந்துவிட முடிந்தது.

வெளியேறும் வழியைக் கேட்டால் இரண்டாவது வேறுபாடு வருகிறது. இம்முறை சாய்வு மறுபக்கம். சத்யத்தின் கடிதம் சந்தை நடந்துகொண்டிருக்கும்போதே வெளிவந்தது. விலை சரிந்தாலும் வர்த்தகம் நடந்தது. 128-ஐக் காக்க முடியாதவருக்கு 100-லாவது, 80-லாவது விற்ற புட்டைத் திரும்ப வாங்க ஒரு வாய்ப்பாவது இருந்தது. தேர்தல் முடிவோ சனிக்கிழமை, மே 16 அன்று, சந்தை மூடியிருக்கும்போது வந்தது. திங்கட்கிழமை திறந்த சில வினாடிகளில் மேல்வரம்பு தொட்டு வர்த்தகம் நின்றது. இரண்டு மணி நேரம் கழித்துத் திறந்ததும் மீண்டும் ஏறி, அன்றைக்கே மூடப்பட்டது. பிரேக் ஈவனான 4,030-இல் ஸ்டாப் லாஸ் வைத்திருந்தவருக்கு அந்த விலையே கண்ணில் படவில்லை. சத்யத்தில் வரம்பின்மை நட்டத்தை ஆழமாக்கியது. நிஃப்டியில் வரம்பே வாசலை அடைத்தது.

இவ்வளவு வேறுபட்ட இரண்டுக்கும் எதிர்பாராத உறவு ஒன்று உண்டு. இரண்டிலும் பிரீமியம் ஏற்கெனவே கொழுத்திருந்தது. சத்யத்தில் 2008 டிசம்பரில் மேட்டாஸ் நிறுவனங்களை வாங்கும் திட்டம் அறிவித்த கையோடு கைவிடப்பட்டது. பங்கு ஒரே நாளில் ஏறத்தாழ 30 சதவீதம் விழுந்தது. அதன்பின் அந்தப் பங்கின் ஆப்ஷன்கள் மலிவாக இருக்க வழியில்லை. நிஃப்டியிலும் தேர்தல் முடிவு நாள் எல்லாரும் அறிந்தது. அதற்கான பயம் விலையில் ஏறியிருந்தது. தொலைவு ஸ்டிரைக்குகள் கொழுத்திருக்கும்போதுதான் ஒன்றை வாங்கி இரண்டை விற்றாலும் கையில் மிச்சம் நிற்கும். ஆக, ரேஷியோ ஸ்ப்ரெட் மிக அழகாகத் தோன்றும் வேளையும், சந்தை மிகத் தெளிவாக எச்சரிக்கும் வேளையும் ஒன்றே. ஒன்றில் ஆபத்துக்குத் தேதி இருந்தது, மற்றதில் இல்லை. விலையோ இரண்டிலும் பேசியது.

அந்த மிச்சம் உண்மையில் என்ன என்பதை இன்னொரு ஆப்ஷனைச் சேர்த்துப் பார்த்தால் புலப்படும். சத்யத்தில் 130 புட்டை 4 ரூபாய்க்கு வாங்கியிருந்தால் 2 ரூபாய் வரவு 2 ரூபாய் செலவாக மாறியிருக்கும். அதிகபட்ச லாபம் 22-லிருந்து 18 ஆகியிருக்கும். 88 ரூபாய் நட்டம் 2 ரூபாயில் நின்றிருக்கும். நிஃப்டியில் 4000 காலை 45-க்கு வாங்கியிருந்தால் 30 வரவு 15 செலவாகி, 293 புள்ளி நட்டம் 15 புள்ளியில் நின்றிருக்கும். மூன்றாவது ஸ்டிரைக் சேர்ந்த இந்த வடிவம்தான் பட்டர்ஃபிளை. கால் ரேஷியோவும் புட் ரேஷியோவும் ஒரு சிறகை வாங்காமல் விட்ட பட்டர்ஃபிளைகளே. நாம் கூடுதல் பிரீமியம் என்று வரவு வைப்பது, வாங்காத சிறகின் விலையிலிருந்து வருகிறது.

இன்று இதே இணையைப் போடுகிறவருக்கு ஒரு வேறுபாடு புதிதாகச் சேர்ந்திருக்கிறது. நிஃப்டி ஆப்ஷன் இன்றும் பணமாகவே தீர்கிறது. பங்கு ஆப்ஷன்களோ இப்போது எக்ஸ்பைரியில் பங்காகவே தீர்கின்றன. புட் ரேஷியோவில் விலை இரு ஸ்டிரைக்குகளுக்கும் கீழே முடிந்தால், வாங்கிய ஒன்று விற்ற ஒன்றை ஈடுகட்டும். மீதி ஒரு லாட் பங்கை 150 ரூபாய் கொடுத்து வாங்கியே தீரவேண்டும். அதற்கான முழுப் பணமும் கணக்கில் இருக்க வேண்டும். எந்தப் பக்கம் என்று முடிவெடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி இரண்டுக்கும் பொது: மூன்றாவது ஸ்டிரைக் இன்று என்ன விலை? அது மலிவு என்றால் வாங்காமல் விடக் காரணம் இல்லை. விலை கூடுதல் என்றால், அந்த விலையை யார், எதற்காகக் கொடுக்கிறார்கள் என்று தெரியாமல் எதிர்ப்பக்கம் நிற்கக் கூடாது.