பெயர் மாறிப்போன இரண்டு கடிதங்கள்

வேலை கேட்டு அனுப்பிய மின்னஞ்சலில் பெயர் தவறிவிட்டது என்று தெரிந்ததும் எல்லோரும் ஒரே மாதிரிதான் பதறுகிறோம். ஆனால் நிறுவனத்தின் பெயர் மாறுவதும் ஆளின் பெயர் மாறுவதும் ஒரே தவறல்ல, திருத்தும் முறையும் ஒன்றல்ல. என் அக்கா மகளுக்கும் அவள் தோழிக்கும் ஒரே மாதத்தில் நேர்ந்த இரண்டையும் ஒப்பிட்டபோதுதான் இது எனக்குப் புரிந்தது.

அக்கா மகள் கணக்குப் பிரிவு வேலைக்காகக் கோவையில் பம்பு தயாரிக்கும் ஒரு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதியிருந்தாள். மறுநாள் அதையே எடுத்துத் திருப்பூரின் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்துக்கு அனுப்பினாள். மின்னஞ்சலில் பெயரை மாற்றியவள், இணைத்த பிடிஎஃப் கடிதத்தில் மாற்றவில்லை. அரைமணி நேரத்தில் அதைக் கண்டுபிடித்து, முதல் பத்தியில் பெயரைத் திருத்தி அவசரமாக மீண்டும் அனுப்பினாள். அந்தத் திருத்தத்திலும் கடைசிப் பத்தியில் 'பம்பு விற்பனைக் கிளைகளின் கணக்கு' என்ற வரி அப்படியே இருந்தது. கோப்பின் பெயரிலும் பழைய நிறுவனமே இருந்தது.

தோழியின் தவறு சிறியது. நிறுவனம் சரி, முகவரி சரி. மனிதவள மேலாளரை 'மிஸ்டர்' என்று விளித்திருந்தாள். அவர் ஒரு பெண். அதோடு, பெயருக்குப் பின்னால் இருந்ததைக் குடும்பப் பெயர் என்று எண்ணி 'மிஸ்டர்' என்பதோடு சேர்த்துவிட்டாள். நம் ஊரில் அது பெரும்பாலும் அப்பாவின் பெயர். ஆகக் கடிதம் மேலாளரின் அப்பாவுக்கு எழுதியதுபோல் ஆகிவிட்டது.

படிப்பவர் பக்கமிருந்து பார்த்தால் வேறுபாடு தெரியும். விளிப்பில் பெயர் தவறினால், 'இந்தப் பெண்ணுக்கு என்னைத் தெரியாது' என்று மேலாளர் நினைப்பார். அது உண்மைதானே? நிறுவனத்தின் பெயர் தவறினால், 'இந்தக் கடிதம் நமக்காக எழுதப்படவே இல்லை' என்று தோன்றும். இந்த இரண்டாவது எண்ணம்தான் விண்ணப்பத்தைக் கெடுக்கிறது. மேலும் விளிப்பு மின்னஞ்சலோடு நின்றுவிடும். இணைத்த கடிதமோ கணக்குப் பிரிவுத் தலைவர்வரை கைமாறிப் போகும், தவறும் கூடவே போகும்.

அதனால் தோழிக்கு இரண்டு வரி போதுமாக இருந்தது. 'காலையில் அனுப்பிய கடிதத்தில் தங்களைத் தவறாக விளித்துவிட்டேன், மன்னிக்கவும். விண்ணப்பத்தில் வேறு மாற்றம் இல்லை.' மேலாளரின் பெயரைச் சரியாக எழுதி இதை அனுப்பினாள், இணைப்பு எதுவும் இல்லை. பெயரில் ஓர் எழுத்து மட்டும் பிசகியிருந்தால் தனியாகத் திருத்தம் அனுப்பவே வேண்டாம், அடுத்த கடிதத்தில் சரியாக எழுதினால் போதும் என்பது என் கருத்து.

அக்கா மகளுக்கு அது போதாது. திருத்தத்தையே திருத்த வேண்டிய நிலை. நான் சொன்னது இதுதான்: முதலில் Ctrl+F அழுத்திப் பழைய நிறுவனத்தின் பெயரைத் தேடு, அடுத்து அந்தத் தொழிலுக்கே உரிய சொற்களைத் தேடு, கோப்பின் பெயரையும் மாற்று. பிறகு புதிய மின்னஞ்சல் தொடங்காமல், அனுப்பிய மின்னஞ்சலுக்கே பதிலாக எழுது. ஜிமெயிலில் தலைப்பை மாற்றினால் அது தனி உரையாடலாகப் பிரிந்துவிடும். பழையதை மட்டும் திறப்பவர் தவறான கடிதத்தையே படிப்பார். 'திருத்தம்' என்ற சொல்லை உள்ளே முதல் வரியில் வை.

அவள் ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் தருகிறேன்: 'திருத்தம்: முன்பு இணைத்த இரண்டு கடிதங்களிலும் வேறொரு நிறுவனத்துக்கான வரிகள் இருந்தன, வருந்துகிறேன். சரியான கடிதத்தை இணைத்துள்ளேன். இதையே கருத்தில் கொள்ள வேண்டுகிறேன். ஏற்றுமதி ரசீதுகளையும் ஜிஎஸ்டி திரும்பப் பெறும் கணக்குகளையும் இரண்டு ஆண்டுகள் பார்த்திருக்கிறேன்.' கடைசி வரி ஏற்றுமதி நிறுவனத்துக்கு மட்டுமே பொருந்தும். தோழியின் திருத்தத்துக்குத் தேவைப்படாத அந்த வரிதான் இங்கே இன்றியமையாதது. எப்படித் தவறியது, எத்தனை இடத்துக்கு விண்ணப்பித்தாள் என்ற விளக்கமெல்லாம் இரண்டிலும் வேண்டாதவை.

மூன்றாவது நிலை ஒன்றும் உண்டு: கடிதம் முழுதும் சரியாக இருந்து, வேறு நிறுவனத்தின் முகவரிக்குப் போய்விடுவது. அப்போது தவறாகப் பெற்றவருக்கு, பொருட்படுத்த வேண்டாம் என்று ஒரு வரி அனுப்ப வேண்டும். சரியான நிறுவனத்துக்குப் புதிதாக அனுப்பினால் போதும். நடந்ததை அங்கே சொல்லத் தேவையில்லை.

அவுட்லுக்கில் அனுப்பியதைத் திரும்பப் பெறும் வசதியை நம்பி வெளி நிறுவனத்துக்கு எழுதாதீர்கள். அது ஒரே அலுவலகத்துக்குள் போகும் அஞ்சலுக்கானது. ஜிமெயிலில் Undo Send வழக்கமாக 5 நொடிதான் காத்திருக்கும். அமைப்புகளுக்குள் போய் அதை 30 நொடியாக இன்றே மாற்றி வையுங்கள்.