கௌவையும் கெளவையும்: மின்பாடச் செம்மையில் ஒரு வரிசைச் சிக்கல்

செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட 41 செவ்வியல் நூல்களுள் திருக்குறளும் ஒன்று. அதன் 1147ஆம் குறளில் ‘கௌவை’ என்னும் சொல் வருகிறது. கைபேசியிலிருந்து சொற்செயலிக்கு ஒட்டிய படியில் அச்சொல்லைத் தேடினால் சில வேளை கிடைப்பதில்லை. திரையில் சொல் சரியாகவே இருக்கும். உள்ளே இருப்பது கெ, ள, வை: ஔகாரக் குறியின் பின்பாதிக்குப் பதில் ளகர எழுத்து.

இதை ஒருங்குறியின் இயல்பாக்கம் (NFC) தீர்த்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். தீர்க்காது. U+0BC6, U+0BBE என இரண்டாகப் பிரிந்து வந்த ஒகரக் குறியை அது U+0BCA என ஒன்றாக்கும். U+0BC6, U+0BD7 என வந்ததை U+0BCC ஆக்கும். ளகரமோ U+0BB3 என்ற தனி எழுத்து. இரண்டும் ஒன்று என்று ஒருங்குறி எங்கும் சொல்லவில்லை.

எழுத்திலக்கணம் இங்கே கைகொடுக்கிறது. ஔகாரக் குறிக்குப் பின் வேறு உயிர்க்குறியோ புள்ளியோ வர வழியில்லை. எனவே ‘தெளிவு’, ‘வெள்ளம்’, ‘கெளுத்தி’ ஆகியவற்றின் ளகரம் உண்மையான ளகரம். குறியின்றி நிற்பதே ஐயத்துக்குரியது. விதி இவ்வளவுதான்:

```
s = re.sub("\u0BC6\u0BB3(?![\u0BBE-\u0BCD])", "\u0BCC", s)
s = re.sub("\u0B92\u0BB3(?![\u0BBE-\u0BCD])", "\u0B94", s)
```

முதல் வரி ‘கெளவை’யைத் திருத்தும், இரண்டாவது, ‘ஒளவை’யை ‘ஔவை’ ஆக்கும், ‘ஒளி’யைத் தொடாது.

ஆனால் இவ்விதியை எப்போது ஓட்டுவது என்பதே என் வாதத்தின் மையம். பழைய எழுத்துருக் கோப்புகளிலும் சில பிடிஎஃப் படிகளிலும் ெ, ே, ை ஆகிய குறிகள், பார்வை வரிசைப்படி, எழுத்துக்கு முன்பே நிற்கும். அவற்றில் ‘மகளென்று’ என்பது ம, க, ெ, ள, ன்று என வரும். மேற்கண்ட விதியை முதலில் ஓட்டினால் அது ‘மகௌன்று’ என்றாகிவிடும். போன ளகரத்தை அப்புறம் எந்த நிரலாலும் மீட்க முடியாது. ஆகவே வரிசையை முதலில் நேராக்கி, பிறகு இயல்பாக்கி, கடைசியில்தான் ஔகாரத்தைத் தொட வேண்டும்.

வரிசை குலைந்ததை அறிவது எளிது: சொல்லின் தொடக்கத்திலோ உயிரெழுத்தை ஒட்டியோ இக்குறிகள் நின்றால் அது பார்வை வரிசை. சொல்லின் நடுவில் இப்படித் தெரியாது. ப, ெ, க என்பதைப் ‘பெக’ என்றும் ‘பகெ’ என்றும் படிக்கலாம். அதனால் முடிவைத் தனிச் சொல்லுக்கு எடுக்காமல், ஒரே மூலத்திலிருந்து ஒட்டப்பட்ட பகுதி முழுமைக்கும் எடுக்க வேண்டும். இரு மூலங்கள் கலந்த கோப்பை முதலில் பிரித்தே ஆக வேண்டும். சலிப்பான வேலைதான், குறுக்குவழி இல்லை.

திருத்துவோர் ஒன்றை மட்டும் விட்டுவிட வேண்டும். 1144ஆம் குறளில் வரும் ‘கவ்வை’ உடைந்த எழுத்தன்று, அது பாடம்.