டிடிஎஸ் ஃபைலை வாங்கும் முன்பே திருப்பி அனுப்பும் மென்பொருள்: அது எதைப் பார்க்கிறது? எதைப் பார்க்காது?

பெங்களூரு காக்ஸ் டவுனில் ஒரு சின்ன உள் அலங்கார நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 12 ஃப்ரீலான்ஸ் டிசைனர்கள் அதற்கு வேலை செய்கிறார்கள். 2025 ஜூனில் ஒவ்வொருவருக்கும் 60,000 ரூபாய் கட்டணம். தொழில்முறைக் கட்டணத்துக்கான 10% டிடிஎஸ், அதாவது தலைக்கு 6,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தாச்சு. பிடித்த 72,000 ரூபாயை ஒரே சலானில் ஜூலை 7-க்குள் அரசுக்குக் கட்டியும் ஆச்சு.

பணம் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால், அது யார் யாருடைய பணம் என்பது அரசுக்கு இன்னும் தெரியாது. அதைச் சொல்வதுதான் ஜூலை 31-க்குள் தாக்கல் செய்ய வேண்டிய 26கியூ என்ற காலாண்டு அறிக்கை. அந்த ஃபைல் சரியாகப் போனால்தான் 12 பேருடைய 26ஏஎஸ் பதிவிலும் தலா 6,000 ரூபாய் ஏறும். ஒருவருடைய விவரம் விட்டுப்போனால், அவர் கணக்கில் அந்த 6,000 ரூபாய் வராது. ரீஃபண்ட் கேட்கும்போதுதான் அவருக்கே விஷயம் தெரியும்.

இந்த ஃபைல் வருமான வரித்துறையிடம் போவதற்கு முன்பே ஒரு வாசல் இருக்கிறது. அதன் பெயர் ஃபைல் வேலிடேஷன் யுட்டிலிட்டி, சுருக்கமாக எஃப்.வி.யூ. முன்பு என்.எஸ்.டி.எல். இ-கவ் என்றும் இப்போது புரோட்டியன் என்றும் அழைக்கப்படும் நிறுவனம் இதை இலவசமாகத் தருகிறது. உங்கள் கம்ப்யூட்டரிலேயே ஓடும் இந்த மென்பொருளைத் தாண்டாமல் எந்த டிடிஎஸ் அறிக்கையும் உள்ளே போக முடியாது.

ஃபைலுக்குள் என்ன இருக்கிறது?

டிடிஎஸ் அறிக்கை என்பது வெறும் டெக்ஸ்ட் ஃபைல்தான். நோட்பேடில் திறந்தாலே தெரியும். நம் உதாரண நிறுவனத்தின் ஃபைல் இப்படித் தொடங்கும் (ஒவ்வொரு லைனின் மீதிப் பகுதியும் இங்கே விடப்பட்டுள்ளது, டான் எண் கற்பனையானது):

```
1^FH^NS1^R^28072025^1^D^BLRX00000X^1^...
2^BH^1^1^26Q^...
3^CD^1^1^12^...
4^DD^1^1^1^O^...
5^DD^1^1^2^O^...
```

ஒவ்வொரு தகவலையும் `^` என்ற குறி பிரிக்கிறது. முதலில் இருப்பது லைன் எண். இரண்டாவதாக இருக்கும் இரண்டு எழுத்துகள், அந்த லைன் எந்த வகை என்பதைச் சொல்கின்றன. `FH` என்றால் ஃபைலின் முகப்பு. `BH` என்றால் அறிக்கையின் முகப்பு. எத்தனை சலான், எந்தப் படிவம் என்பது அதில் இருக்கும். `CD` என்பது சலான். `DD` என்பது வரி பிடிக்கப்பட்ட நபர்.

மூன்றாவது லைனில் இருக்கும் 12 என்ற எண்ணைக் கவனியுங்கள். 'இந்தச் சலானுக்குக் கீழே 12 பேர் வருவார்கள்' என்று ஃபைலே முன்கூட்டி அறிவிக்கும் எண் அது. அதே லைனில் இன்னும் தள்ளி, அந்த 12 பேருடைய வரியின் மொத்தக் கூட்டுத்தொகையும் இருக்கும்.

எஃப்.வி.யூ. என்ன சரிபார்க்கிறது?

பணம் உண்மையிலேயே பிடிக்கப்பட்டதா, இந்த டிசைனர் உண்மையில் வேலை செய்தாரா என்பதெல்லாம் அதன் வேலை இல்லை. ஃபைலின் உருவம் சரியாக இருக்கிறதா என்பதுதான் அதன் அடிப்படைக் கேள்வி.

ஒவ்வொரு வகை லைனிலும் எத்தனை கட்டங்கள் இருக்க வேண்டும் என்பது முன்பே தீர்மானிக்கப்பட்டது. தேதி என்றால் நாள், மாதம், ஆண்டு சேர்ந்து 8 இலக்கம். டான் எண் என்றால் 4 எழுத்து, 5 இலக்கம், 1 எழுத்து. பான் எண் என்றால் 5 எழுத்து, 4 இலக்கம், 1 எழுத்து. ஒவ்வொரு லைனும், கடைசி லைன் உட்பட, முறையான லைன் முடிவுக் குறியோடு முடிய வேண்டும்.

அதற்குப் பிறகு எண்ணிக்கை. 12 பேர் என்று சொல்லியிருந்தால் 12 `DD` லைன்கள் இருந்தாக வேண்டும். 72,000 என்று சொல்லியிருந்தால் கீழே இருப்பவர்களின் தொகையைக் கூட்டினால் 72,000 வர வேண்டும்.

உருவத்தை ஏன் முதலில் பார்க்க வேண்டும்? ஒரு டிசைனரின் பெயருக்குள் தவறுதலாக ஒரு `^` விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த லைனில் அதற்குப் பிறகு இருக்கும் எல்லாத் தகவலும் ஒரு கட்டம் நகர்ந்துவிடும். தொகை இருக்க வேண்டிய இடத்தில் பெயரின் மீதி இருக்கும். தேதி இருக்க வேண்டிய இடத்தில் தொகை இருக்கும். இந்த நிலையில் 'தொகை தவறு', 'தேதி தவறு' என்று ஒவ்வொன்றாகச் சொன்னால் எல்லாமே பொய்ப் பிழைகள். உண்மையான பிழை ஒன்றே ஒன்றுதான்: கட்டங்களின் எண்ணிக்கை.

பிழை இருந்தால் என்ன நடக்கும்?

இரண்டு பிழைகளைப் பார்ப்போம். முதலாவது, ஆறாவது டிசைனரின் பான் எண்ணை டைப் செய்தவர் சுழியத்துக்குப் பதில் `O` என்ற எழுத்தை அடித்துவிட்டார்: `AAAPZ1O34C` (இதுவும் ஒரு மாதிரி எண்தான்). கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால், இலக்கம் இருக்க வேண்டிய ஏழாவது இடத்தில் எழுத்து இருப்பதால் எஃப்.வி.யூ. நிறுத்திவிடும்.

எல்லாம் சரியாக இருந்திருந்தால் `.fvu` என்று முடியும் ஒரு ஃபைல் உருவாகியிருக்கும். அதைத்தான் போர்ட்டலில் ஏற்ற முடியும். பிழை இருப்பதால் அது உருவாகாது. பதிலாக, பிரவுசரில் திறக்கக்கூடிய ஒரு பிழை அறிக்கை வரும். எந்த லைன், எந்த வகை, எந்தச் சலான், அதில் எத்தனையாவது நபர், பிழைக் குறியீடு, பிழையின் விளக்கம் என எல்லாம் அதில் இருக்கும். நம் உதாரணத்தில் லைன் 9, வகை `DD`, சலான் 1, நபர் 6. 'ஃபைல் செல்லாது' என்று மட்டும் சொல்லியிருந்தால் 12 பேரின் விவரத்தையும் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கும். இப்போது அந்த டிசைனருக்கு ஒரு போன் போட்டால் போதும்.

இரண்டாவது பிழை இன்னும் ஆபத்தானது. யாரோ டெக்ஸ்ட் ஃபைலைத் திறந்து, தெரியாமல் கடைசி லைனை அழித்துவிட்டார்கள். மீதி 11 லைன்களிலும் எந்தக் குறையும் இல்லை. ஒவ்வொரு லைனாகப் பார்க்கும் எந்தச் சோதனையாலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் இல்லாத லைனில் பிழை இருக்காது. மூன்றாவது லைனில் எழுதப்பட்ட 12-தான் காட்டிக்கொடுக்கும். கூட்டுத்தொகையும் 72,000-க்குப் பதில் 66,000 என்று வரும்.

இதை நீங்களே பார்க்கவும் முடியும். விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்டில் இந்தக் கட்டளை `DD` லைன்களை எண்ணிச் சொல்லும்:

```
find /c "^DD^" 26Q.txt
```

அந்த ஒரு எண் இல்லாவிட்டால்?

2020 அக்டோபரில் இங்கிலாந்தில் நடந்தது இதற்குச் சரியான உதாரணம். கொரோனா பரிசோதனை மையங்கள் அனுப்பிய முடிவுகளை, அங்குள்ள பொதுச் சுகாதார அமைப்பு பழைய எக்செல் வடிவமான `.xls` ஃபைல்களில் ஏற்றிக்கொண்டிருந்தது. அந்த வடிவத்தில் 65,536 வரிசைகளுக்கு மேல் இடமில்லை. அதற்கு மேல் வந்தவை சத்தமில்லாமல் விழுந்துவிட்டன.

செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 பாதிப்புகள் தினசரிக் கணக்கில் சேரவில்லை. அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் வேலையும் தாமதமானது. ஃபைலில் இருந்த ஒவ்வொரு வரிசையும் சரிதான். 'அனுப்பியது எத்தனை, வந்து சேர்ந்தது எத்தனை' என்று வாசலிலேயே ஒப்பிட்டு, பொருந்தாததைத் திருப்பி அனுப்பியிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

ஒரு பிழைக்கு முழு ஃபைலையும் நிராகரிப்பது நியாயமா?

பலரும் கேட்கும் கேள்வி இது. ஜிஎஸ்டி-யில் அப்படி இல்லையே என்பார்கள். உண்மைதான். ஜிஎஸ்டிஆர்-1 ஃபைலை ஏற்றும்போது சரியான இன்வாய்ஸ்கள் ஏற்கப்படும். பிழையானவை மட்டும் ஒரு பிழை ஃபைலாகத் திரும்பி வரும். அவற்றைத் திருத்தி மறுபடி ஏற்றலாம்.

ஒரு இன்வாய்ஸுக்கும் அடுத்த இன்வாய்ஸுக்கும் சம்பந்தமில்லை என்பதால் அங்கே அது சரிப்பட்டு வருகிறது. டிடிஎஸ்-ல் 12 பேரும் ஒரே சலானில் கட்டப்பட்டிருக்கிறார்கள். ஒருவரை மட்டும் வெளியே எடுத்தால் எண்ணிக்கையும் உடையும், கூட்டுத்தொகையும் உடையும். அதனால்தான் இங்கே முழுவதும் சரி அல்லது முழுவதும் திரும்பு என்ற விதி.

எஃப்.வி.யூ. பாஸ் ஆனால் எல்லாம் சரியா?

இல்லை. ஆறாவது டிசைனரின் பான் எண்ணில் 1034-க்குப் பதில் 1043 என்று அடித்திருந்தால்? அதுவும் 5 எழுத்து, 4 இலக்கம், 1 எழுத்துதான். எஃப்.வி.யூ. தடுக்காது. அந்த எண் வேறு ஒருவருடையது என்றால் 6,000 ரூபாய் அவர் கணக்கில் ஏறும். அப்படி ஒரு எண்ணே இல்லை என்றால், பான் இல்லாதவருக்கு 20% பிடித்திருக்க வேண்டும் என்று பின்னர் டிரேசஸ் தளத்திலிருந்து நோட்டீஸ் வரும். பிறகு திருத்த அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். பெயரையும் எண்ணையும் பான் அட்டையோடு ஒப்பிடும் வேலை மனிதருடையது.

எதைக் கவனிக்க வேண்டும்?

பிழை அறிக்கையில் பல பிழைகள் இருந்தால், முதலில் கட்டங்கள், லைன் அமைப்பு, எண்ணிக்கை பற்றியவற்றைச் சரிசெய்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். பல பிழைகள் தானாகவே மறைந்துவிடும்.

டெக்ஸ்ட் ஃபைலில் நேரடியாகக் கை வைக்காதீர்கள். அதைத் தயாரித்த மென்பொருளுக்குப் போய்த் திருத்தி, புதிதாக ஃபைல் எடுங்கள். `.fvu` ஃபைலை அறவே தொடக் கூடாது. அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்பட்ட ஒரு முத்திரை எண் அதில் பதிந்திருக்கும். ஓர் எழுத்தை மாற்றினாலும் பொருந்தாது.

எஃப்.வி.யூ.-வின் புதிய பதிப்பைப் பயன்படுத்துங்கள். கட்டங்கள் அவ்வப்போது மாறுவதால், போன காலாண்டில் பாஸ் ஆன பதிப்பு இப்போது செல்லாமல் போகலாம்.

முக்கியமாக, கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள். 1961 வருமான வரிச் சட்டத்தின் 234இ பிரிவின்படி, ஜூலை 31-ஐத் தாண்டும் ஒவ்வொரு நாளுக்கும் 200 ரூபாய் கட்டணம். டிடிஎஸ் தொகை வரை அது ஏறிக்கொண்டே போகும். 28-ம் தேதி வரும் பிழை அறிக்கையை ஒரு போன் காலில் தீர்த்துவிடலாம். 31-ம் தேதி இரவு வந்தால், அந்த ஆறாவது டிசைனர் போன் எடுக்க வேண்டுமே!